மார்ஷலிங்: அணிவகுப்பா, பொதிவா?

கயல்விழி: ஒரு கணினி இன்னொரு கணினியிலுள்ள செயல்முறையை இயக்கச் சொல்லும் தொலைச் செயல்முறை அழைப்பு பற்றிப் பாடம் எழுதுகிறேன். அழைப்பின் உள்ளீட்டை அனுப்புவதற்கேற்ற பைட்டுகளாகக் கட்டும் மார்ஷலிங் என்பதற்கு "அணிவகுத்தல்" என்று எழுதி அடித்துவிட்டேன். படிப்பவர் கண்முன் ராணுவம்தான் வருகிறது. வேறு சொல் தாருங்கள்.

முருகேசன்: "வரிசையாக்கம்" புழக்கத்தில் இருக்கிறதே. இரண்டும் ஒன்றுதான், புதுச்சொல் எதற்கு?

ஆறுமுகம்: முழுக்க ஒன்றல்ல, ஐயா. அழைப்பின் உள்ளீட்டில் ஒரு சுட்டி, அதாவது நினைவக முகவரி, இருந்தால் அதை அப்படியே அனுப்ப முடியாது. மறுமுனைக் கணினியில் அந்த முகவரியில் வேறு ஏதாவது இருக்கும். சுட்டி காட்டும் இடத்துக்குப் போய், அங்கிருப்பதை எடுத்துக் கட்ட வேண்டும். ஆகவே "பொதிதல்" என்பேன்; கட்டியது "பொதி". தரவைக் கட்டுவதற்கு சன் நிறுவனம் வகுத்த எக்ஸ்.டி.ஆர். முறையில் `abc` என்ற சரம் இப்படிக் கட்டப்படும்:

```
00 00 00 03 61 62 63 00
```

முதல் நான்கு பைட் நீளம், பிறகு மூன்று எழுத்து, நான்கின் மடங்காக்க ஒரு சுழியம்.

பதில் தொலையும்போதும் இச்சொல் கைகொடுக்கும். வேறு கணினியிலுள்ள கோப்புகளைக் கையாள உதவும் என்.எஃப்.எஸ்.ஸை எடுத்துக்கொள்ளுங்கள்; அதன் பழைய வடிவம், அனுப்பியது போய்ச் சேரும் என்ற உறுதி தராத யூ.டி.பி. வழி இயங்கியது. கோப்பை நீக்கச் சொல்லி ஒரு பொதி போகிறது. வழங்கி நீக்கிவிடுகிறது, ஆனால் அதன் பதில் வழியில் தொலைகிறது. காத்திருந்த கணினி அதே பொதியை, அழைப்பை அடையாளம் காட்டும் அதே `xid` எண்ணோடு மீண்டும் அனுப்புகிறது. வழங்கி கோப்பைத் தேடுகிறது, இல்லை. `ENOENT`, அதாவது அப்படியொரு கோப்பு இல்லை, என்கிறது. வேலை முடிந்திருந்தும் கேட்டவருக்குப் பிழைதான் கிடைக்கிறது! இதைத் தவிர்க்கவே, அண்மையில் வந்த எண்களையும் கொடுத்த பதில்களையும் வழங்கிகள் நினைவில் வைக்கத் தொடங்கின. பழைய எண் வந்தால் பழைய பதிலே போகும். அந்த நினைவில் இடம் குறைவு; நெரிசலில் பழைய எண்கள் வெளியேறிவிட்டால் பழைய பிழை திரும்பிவிடும்.

நாகூர் மீரான்: எனக்கும் இதேதான் நடந்தது. பஸ் டிக்கெட்டுக்குப் பணம் கட்டினேன், திரை அசையவில்லை, மறுபடி அழுத்தினேன். இருமுறை பணம் போய்விட்டது. அவர்களிடம் அந்த நினைவு இல்லையா?

ஆறுமுகம்: இருந்திருந்தாலும் உதவியிருக்காது. நீங்கள் இரண்டாம் முறை அழுத்தியபோது போனது புதுப் பொதி, புது எண். வழங்கிக்கு அது இன்னொரு பயணி கேட்டது போலத்தான். பணம் கட்டும் பக்கம் திறந்தபோதே ஓர் எண்ணை உருவாக்கி, எத்தனை முறை அழுத்தினாலும் அதையே அனுப்பியிருக்க வேண்டும். இதனால்தான் இரண்டையும் "மறு அழைப்பு" என்று எழுத வேண்டாம் என்கிறேன். அதே பொதி திரும்பப் போனால் "மறுவிடுப்பு". புதிதாகக் கேட்டால் மட்டுமே "மறு அழைப்பு".

கயல்விழி: பொதிதலை எடுத்துக்கொண்டேன். "விடுப்பு" என்றால் என் மாணவர்கள் லீவு என்றே படிப்பார்கள். "மறு அனுப்புகை" என்று வைக்கிறேன். இன்னொன்று: "100ஆம் பைட்டிலிருந்து இதை எழுது" என்பது போல, எத்தனை முறை செய்தாலும் விளைவு மாறாத செயலுக்கு என்ன சொல்?

முருகேசன்: கணிதத்தில் இருக்கிறது: "தன்னடுக்கு".

ஆறுமுகம்: நல்ல சொல். ஆனால் கோப்பு நீக்கத்தை எங்கே வைப்பது? இரண்டாம் முறை நீக்கினாலும் கோப்பு இல்லாத நிலை மாறுவதில்லை, பதில்தான் மாறுகிறது. அதையும் தன்னடுக்கு என்பதா? நான் மாட்டேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.