ஐந்து ஆண்டுகளுக்குக் காரை லீஸ் எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா: கொங்குப் பகுதி அனுபவங்கள்

திருப்பூர், பின்னலாடை நிறுவனக் கணக்காளர்:

என் மைத்துனர் ஐந்து ஆண்டு லீஸில் ஓட்டிய காரை இந்த ஆண்டு திருப்பி ஒப்படைத்தபோது நானும் உடன் சென்றிருந்தேன். மாத வாடகையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கடைசி நாளில் கையில் தரப்படும் தாளைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பதால், அந்தத் தாளில் இருந்ததை முதலில் எழுதுகிறேன். ஒப்பந்தப்படி ஐந்து ஆண்டுகளில் 60,000 கிலோமீட்டர் ஓட்டலாம். அவர் பல்லடம், பொள்ளாச்சி, ஈரோடு என்று சரக்கு விஷயமாக ஓடியதில் 75,000 ஆகிவிட்டது. கூடுதல் 15,000 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டருக்கு 8 ரூபாய் வீதம் 1,20,000 ரூபாய். கதவுக் கீறல்கள், முன்பக்க பம்பர், இருக்கைக் கறை ஆகியவற்றுக்கு 28,000. இரண்டாவது சாவி இல்லாததற்கு 9,000. வரிகள் உட்பட மொத்தம் 1,57,000 ரூபாய்.

இப்போது என் தங்கை கணவருக்கு அதே அளவுக் கார் தேவைப்படுகிறது. அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்றைய விலையில் இரண்டு வழிகளையும் கணக்கிட்டேன்.

ஷோரூம் விலை 9 லட்சம். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையான காருக்குச் சாலை வரி 13% என்பதால் 1,17,000. காப்பீடும் பதிவுச் செலவும் சேர்ந்து சாலைக்கு வரும்போது ஏறத்தாழ 10,70,000. கையிலிருந்து 2,70,000 போட்டு, 8 லட்சத்தை 9% வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக எடுத்தால் தவணை சுமார் 16,600. மொத்தத் தவணை 9,96,000. அடுத்த நான்கு ஆண்டுக் காப்பீட்டுக்கு 80,000, சர்வீசுக்கு 70,000, டயருக்கும் பேட்டரிக்கும் 30,000 என்று வைத்தேன். முன்பணத்தை வங்கியில் 7% வைப்பில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வட்டி 1,08,000 ரூபாயும் செலவுதான். 75,000 கிலோமீட்டர் ஓடிய காரை 4,50,000 ரூபாய்க்கு விற்றதாகக் கழித்தால், நிகரச் செலவு சுமார் 11,05,000.

லீஸில் வாடகை 16,500, அதன் மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்து 19,470. அறுபது மாதங்களுக்கு 11,68,000. காப்பீடும் சர்வீசும் சாலை வரியும் இதிலேயே அடங்கும். டயரும் பேட்டரியும் நம் பொறுப்பு. அந்த 30,000 ரூபாயையும், 50,000 ரூபாய் வைப்புத் தொகைக்கு இழக்கும் வட்டி 20,000 ரூபாயையும் கூட்டினால் 12,18,000. இதுவரை வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். விற்கும் தொந்தரவும் பழுதுச் செலவும் இல்லை என்பதற்காக அதைக் கொடுக்கலாம் என்றுகூடத் தோன்றும். மைத்துனரின் கடைசித் தாளைச் சேர்த்தால் தொகை 13,75,000 ஆகி, வித்தியாசம் 2,70,000 ஆகிறது. இடைவெளியில் பாதிக்கு மேல் கடைசி நாளில்தான் உருவாகிறது.

ஈரோடு, மஞ்சள் வணிகர்:

அண்ணா, தொழில் செய்பவர்களுக்கு உங்கள் கணக்குப் பொருந்தாது. லீஸ் வாடகை முழுவதையும் செலவாகக் காட்டலாம். ஜிஎஸ்டியும் உள்ளீட்டு வரியாகத் திரும்பிவிடும். அந்த 18 சதவீதத்தை எடுத்துவிட்டால் லீஸ்தான் மலிவு. என் நண்பர் ஒருவர் இப்படித்தான் செய்வதாகச் சொன்னார்.

திருப்பூர்க் கணக்காளர்:

வாடகையைச் செலவாகக் காட்டலாம் என்பது சரி; தொழிலுக்கு ஓட்டிய பங்குக்கு மட்டும். ஜிஎஸ்டி திரும்பாது. ஓட்டுநர் உட்பட 13 பேர் வரை அமரும் பயணியர் வாகனங்களுக்கு, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு உள்ளீட்டு வரியைத் தடுக்கிறது. வாங்கினாலும் லீஸ் எடுத்தாலும் அப்படியே. டாக்சி ஓட்டுவோர், ஓட்டுநர் பள்ளி நடத்துவோர், கார் விற்போர் போன்றவர்களுக்குத்தான் விலக்கு. உங்கள் நண்பர் எடுத்திருந்தால், தணிக்கை வரும் முன் ஆடிட்டரிடம் காட்டச் சொல்லுங்கள். சொந்தமாக வாங்கியவரும் 15% தேய்மானத்தையும் கடன் வட்டியையும் செலவாகக் காட்டலாம் என்பதால், வருமான வரியில் லீஸுக்குக் கிடைக்கும் மேல்கை நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது.

பொள்ளாச்சி, தென்னை விவசாயி:

நான் என் காரை மாத வாடகைக்கு ஒரு டிராவல்ஸுக்கு விட்டிருந்தேன். பணம் ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் சொந்தப் பயன்பாட்டுப் பதிவில் உள்ள காரை வாடகைக்கு ஓட்டக்கூடாது என்று போக்குவரத்து அலுவலர் நிறுத்திவிட்டார். நீங்கள் பேசுவது காரை வாடகைக்கு விடுவதைப் பற்றி அல்ல என்பது மறுபடி படித்தபோதுதான் புரிந்தது. இருந்தாலும் கீறல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்துக்குப் போக இட்டேரிதான் வழி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி உரசாமல் கார் உள்ளே வராது. என் காரை விற்றபோது தரகர் கதவுக் கோடுகளைத் தடவிப் பார்த்துப் பத்தாயிரம் குறைத்தார். ஆகவே சொந்தக் காருக்குக் கீறல் செலவே இல்லை என்று எண்ண வேண்டாம்.

திருப்பூர்க் கணக்காளர்:

மிகவும் சரியான கருத்து, ஐயா. கிலோமீட்டரும் அப்படித்தான், 75,000 ஓடிய காருக்கு 60,000 ஓடியதைவிடக் குறைவாகத்தான் தருவார்கள். ஆனால் அந்தக் குறைவு எங்கள் பக்கம் பெரும்பாலும் இருபது, முப்பதாயிரத்தில் நின்றுவிடுகிறது. லீஸில் அதே 15,000 கிலோமீட்டர் 1,20,000 ஆகிறது. சந்தையில் பேரம் பேசலாம், ஒப்பந்தத்தில் எழுதிய விகிதத்தில் பேச முடியாது.

கோவை, சரவணம்பட்டி, மென்பொருள் பணியாளர்:

என் கார், நான் வேலை பார்த்த நிறுவனத்தின் வழியாக எடுத்த லீஸ். வாடகை வரிக்கு முந்தைய சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அதற்குப் பதிலாக ஒரு சிறு தொகை மட்டும் சலுகை மதிப்பாக என் வருமானத்தில் சேர்ந்தது. 30% வரி அடுக்கில் இருக்கும் எனக்கு 19,000 ரூபாய் வாடகை, கையை விட்டுப் போவதில் ஏறக்குறைய 13,500 போலத்தான் பட்டது. இந்த ஒரு நிலையில் மேலே உள்ள கணக்குத் தலைகீழாகும் என்று நம்புகிறேன். ஆனால் மூன்றாம் ஆண்டில் வேலை மாறினேன். புதிய நிறுவனம் லீஸை ஏற்கவில்லை. முன்முடிப்புக் கட்டணமாக மூன்று மாத வாடகையைக் கட்டிக் காரை ஒப்படைப்பது, அல்லது மீதித் தொகையை வரியுடன் கட்டிக் காரை என் பெயருக்கு மாற்றுவது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதுவரை மிச்சப்பட்ட வரியில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. ஐந்து ஆண்டும் ஒரே இடத்தில் இருப்போம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்களுக்குத்தான் இது பொருந்தும். அண்ணா, லீஸ் நடுவில் கிலோமீட்டர் வரம்பை உயர்த்த முடியுமா? மின்சாரக் காருக்கும் இதே கணக்குத்தானா?

திருப்பூர்க் கணக்காளர்:

சில நிறுவனங்கள் நடுவில் வரம்பை உயர்த்த அனுமதிக்கின்றன, அம்மா. அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆண்டுக்கு 12,000 என்பது மாதத்துக்கு 1,000. பதினெட்டாம் மாதத்தில் மீட்டர் 18,000 என்பதைத் தாண்டி 22,000 காட்டினால், அப்போதே கேட்டு வாடகையை உயர்த்திக்கொள்வது கடைசியில் 8 ரூபாய் வீதம் கட்டுவதைவிடப் பெரும்பாலும் மலிவாக வரும். ஒப்படைக்க இரண்டு மாதம் இருக்கும்போது கீறல்களைப் பாருங்கள். காப்பீட்டில் சரிசெய்வதானால், வெவ்வேறு நாளில் பட்ட அடிகள் தனித்தனிக் கோரிக்கைகள். ஒவ்வொன்றுக்கும், 1,500 சிசி வரையான காரில், கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். மலிவான பெயிண்ட் பட்டறையில் பூசிக் கொடுக்க வேண்டாம். பூச்சின் தடிமனை அளக்கும் கருவியோடு பரிசோதகர் வருகிறார்.

மின்சாரக் காருக்கு என்னிடம் முடிவான பதில் இல்லை. என் கணக்கு முழுவதும் 4,50,000 என்ற விற்பனை விலையில் நிற்கிறது. கடைசிக் கட்டணம் எதுவும் இல்லாமல் ஒப்படைக்க முடிந்தால், அந்த விலை 3,37,000 ரூபாய்க்குக் கீழே விழும்போது லீஸ் லாபமாகிறது. பெட்ரோல் காரில் அப்படி விழுவதை நான் பார்த்ததில்லை. ஐந்து ஆண்டு ஓடிய பேட்டரியோடு நிற்கும் காருக்கு நம் ஊர்த் தரகர்கள் என்ன விலை சொல்வார்கள் என்பதை, அண்மையில் விற்றவர்கள் யாராவது இங்கே எழுதினால் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.