ஸ்கேன் ரிப்போர்ட் துண்டறிக்கை: ‘என்ஹான்ஸ்மென்ட்’டுக்கு என்ன சொல்?

சு.வ.: வணக்கம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் சொற்களை நோயாளிகளுக்கு விளக்கும் நம் துண்டறிக்கையின் வரைவில் நாட்யூலுக்குச் ‘சிறுகட்டி’, லீஷனுக்குப் ‘புண்’, என்ஹான்ஸ்மென்ட்டுக்கு ‘மேம்பாடு’ என்று இருக்கிறது. மூன்றுமே உறுத்துகின்றன. ரிப்போர்ட்டில் ‘மேம்பாடு’ என்று படிப்பவர், நோய் குணமாகிறது என்று நினைத்துவிடுவார்.

மரு. ந.: லீஷனுக்கு ‘மாறுபட்ட இடம்’ போதும். நீர்க்கட்டி, பழைய தழும்பு எல்லாவற்றையும் நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம். என்ஹான்ஸ்மென்ட்டுக்குத்தான் நல்ல சொல் வேண்டும். சி.டி.யில் முதலில் ஊசி இல்லாமல் படம் எடுப்போம். அப்புறம் அயோடின் உள்ள மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றி மறுபடி எடுப்போம். ரத்தம் ஓடும் திசுவில் மருந்து சேர்ந்து, அந்த இடம் வெளுப்பாகத் தெரியும். சிறுநீரகத்தில் ஓர் உருண்டை இருக்கிறது என்று வையுங்கள். அதன் அடர்த்தி ஊசிக்கு முன் 12 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு, பின் 15 என்றால் மருந்து சேரவில்லை. அது சாதாரண நீர்க்கட்டியாக இருக்கலாம். 35 இருந்தது 80 ஆனால் உள்ளே ரத்தம் ஓடுகிறது. 20 அலகுக்கு மேல் ஏறினால் சந்தேகமில்லை. 10-க்கும் 20-க்கும் இடையில் நின்றால் உறுதியாகச் சொல்ல முடியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

கு.செ.: எங்கள் ஊர்ச் சாயப்பட்டறையில் ‘நூலில் சாயம் நல்லா பிடிச்சிருக்கு’ என்போம். ‘சாயப்பிடிப்பு’ என்று வைக்கலாமே? சாயம் பிடித்தால் புற்றுநோய், பிடிக்காவிட்டால் பயமில்லை என்று ஒரு வரியும் சேர்க்கலாம்.

மரு. ந.: சொல் பிடித்திருக்கிறது ஐயா, அந்த வரி வேண்டாம். கல்லீரலில் வரும் ரத்தக்குழாய்க் கட்டி புற்றுநோயல்ல. ஆனால் அது ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்ல நன்றாகவே சாயம் பிடிக்கும். ரத்த ஓட்டம் குறைந்த சில புற்றுக்கட்டிகளோ மங்கலாகத்தான் பிடிக்கும். எங்கே, எவ்வளவு, எந்த நேரத்தில் பிடித்தது என்பதைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

ம.தி.: என் அம்மாவுக்கு நுரையீரலில் 5 மி.மீ. நாட்யூல் என்று வந்திருக்கிறது. கரைய மாத்திரை உண்டா டாக்டர்? ‘சிறுகட்டி’ என்று படித்தால் அவர் சோறு தண்ணி இறங்காமல் கிடப்பார். ‘முடிச்சு’ என்று போடுங்களேன்.

மரு. ந.: கரைக்கும் மாத்திரை என்று எதுவும் இல்லை அம்மா. ஆறிப்போன காசநோயின் தழும்பும் அப்படித் தெரியும். 6 மி.மீ.-க்குக் குறைந்த ஒற்றைத் திட நாட்யூலுக்கு, புகைபிடிக்காத, வேறு ஆபத்துக் காரணம் இல்லாத பெரியவர்களில் வழக்கமாக மறுஸ்கேன் தேவையில்லை. அம்மாவின் பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு அவருடைய மருத்துவரைப் பாருங்கள். துண்டறிக்கையில் அளவும் வர வேண்டும்: நுரையீரலில் 3 செ.மீ. வரைதான் நாட்யூல், அதற்கு மேல் போனால் வேறு பெயர்.

சு.வ.: ‘நிணநீர் முடிச்சு’ ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் ‘முடிச்சு’ குழப்பும். ‘சிறுதிரளை’ என்றால்?

ம.தி.: அம்மாவுக்குப் புரியாது.

கு.செ.: ‘சிறு உருண்டை’ என்றே எழுதுங்கள்.

சு.வ.: ‘மாறுபட்ட இடம்’ உறுதி. ‘சாயப்பிடிப்பு’ தசைப்பிடிப்பை நினைவூட்டுமோ என்று தயக்கம். ‘சாயமேற்பு’ம் கையில் இருக்கிறது. ஸ்கேனுக்குக் காத்திருப்பவர்கள் சிலரிடம் இரண்டையும், ‘சிறு உருண்டை’யையும் வாசித்துக் காட்டிவிட்டு எழுதுகிறேன்.