‘சேதன’ என்றதும் பசளை ஞாபகம் வந்தது: சமூகவியல் பரீட்சை அனுபவங்கள்

தலவாக்கலை மாணவி

வெளிவாரிப் பட்டத்துக்குச் சமூகவியல் எழுதிவிட்டு வந்தேன். பல்தேர்வில் ஒரு வினா இன்னும் நித்திரையைக் கெடுக்கிறது. நினைவில் உள்ளபடி போடுகிறேன்.

டுர்கைமின் கருத்துப்படி சேதன ஒருமைப்பாடு எதிலிருந்து பிறக்கிறது?
1. எல்லாரும் ஒரே நம்பிக்கையையும் வழக்கத்தையும் பகிர்வதிலிருந்து
2. இரத்த உறவும் அயலும் சேர்ந்த இயல்பான கிராம வாழ்விலிருந்து
3. வெவ்வேறு வேலை செய்வோர் ஒருவரில் ஒருவர் தங்கியிருப்பதிலிருந்து
4. சட்டவிதிகளால் அமைந்த பதவிப் படிநிலையிலிருந்து

நான் 2 போட்டேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சேதனம் என்றதும் எனக்கு வந்தது சேதனப் பசளைதான். 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தி, சேதனப் பசளை போடச் சொல்லி, கொழுந்து விழுந்துபோன நாட்களில் வீட்டில் ராவும் பகலும் இதே பேச்சு. சேதனம் என்றால் இயற்கை, இயற்கை என்றால் கிராமம் என்று மனம் போய்விட்டது. பொறிமுறை ஒருமைப்பாடு என்றால் பெக்டரி மெஷின் என்றும் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து குறிப்பைப் பார்த்தால் இரண்டும் தலைகீழ். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாரும் உண்டா?

மஸ்கெலியா தம்பி

அக்கா, நான் ஒரு சுருக்கு வழி வைத்திருக்கிறேன். ‘எல்லா’, ‘எப்போதும்’, ‘மட்டுமே’ என்று வருகிற தெரிவை முதலில் வெட்டிவிடுவேன். சமூகத்தில் எதுவும் நூற்றுக்கு நூறு இல்லைதானே. உங்கள் வினாவிலும் 1 அப்படியே போய்விடும், ‘எல்லாரும்’ என்று இருக்கிறது. பிறகு மூன்று தெரிவுகள்தான் மிச்சம்.

பண்டாரவளை சேர்

தம்பி சொன்னதில் பாதி சரி. “சமூகமயமாக்கம் குழந்தைப் பருவத்தில் மட்டுமே நடக்கிறது” போன்ற தெரிவை அப்படி வெட்டலாம். ஆனால் வினாவில் ‘இன்னாரின் கருத்துப்படி’ என்று வந்துவிட்டால் அந்தக் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். “இதுவரை இருந்த எல்லாச் சமூகங்களின் வரலாறும் வர்க்கப் போராட்டங்களின் வரலாறே” என்று 1848 அறிக்கையில் மார்க்ஸும் ஏங்கெல்ஸும் எழுதியது ‘எல்லா’ போட்டுத்தான். அது உண்மையா என்று வினா கேட்கவில்லை, யார் சொன்னது என்றே கேட்கிறது. சிந்தனையாளர்கள் அடித்துப் பேசியவர்கள். தம்பியின் வழியில் போனால் சரியான விடையைத்தான் முதலில் வெட்டுவோம்.

இனி தங்கச்சியின் வினாவுக்கு வருகிறேன். நான் சில வருடங்கள் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். இந்த இடத்தில் விழுகிறவர்கள் அதிகம். நான்கு தெரிவிலும் முழுப் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே பாடத்தில் உள்ளவை, ஆனால் மூன்று வேறு கேள்விக்கான விடைகள். 1 டுர்கைமே சொன்னது, ஆனால் பொறிமுறை ஒருமைப்பாட்டுக்கு. 4 வெபரின் பணிக்குழு ஆட்சி. 2தான் பொல்லாதது, அது டொன்னிஸ் வீட்டுச் சாமான்.

டொன்னிஸ் 1887இல் கெமைன்ஷாஃப்ட், கெசெல்ஷாஃப்ட் என்று பிரித்தபோது, பழைய கிராம உறவைத்தான் உயிருள்ள உடல் மாதிரி என்றார். நவீன சமூகத்தை இயந்திரம் மாதிரி என்றார். டுர்கைம் 1893இல் வேலைப் பிரிவு பற்றிய நூலில் அதைத் திருப்பிப் போட்டார். உடம்பில் இதயம் செய்வதை ஈரல் செய்யாது, ஆனால் ஒன்றில்லாமல் மற்றது இல்லை. அதனால் வேலை பிரிந்த சமூகம்தான் அவருக்குச் சேதனம். ஒரே மாதிரித் துணிக்கைகள் ஒட்டிக்கிடப்பது பொறிமுறை. இயந்திரம் ஓடுவதற்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை. ஆக, சொல்லை மட்டும் பார்த்து 2 போட்ட தங்கச்சி டொன்னிஸுக்குச் சரியான விடை எழுதியிருக்கிறார். வினாத்தாளில் பெயர்தான் வேறு.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, ஒவ்வொரு தெரிவுக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஓர் ஆளின் பெயரை எழுதச் சொல்லித்தான். பெயர் ஒத்துப்போகாததை வெட்டினால் 2உம் 4உம் போய்விடும். மிச்சம் இரண்டும் ஒரே ஆளுடையது. அங்கேதான் ஒற்றுமையா, வேற்றுமையா என்று பார்க்க வேண்டும். பெயர் வினாவில் இல்லாவிட்டால் இந்த வழி உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ராகலை அக்கா

எங்கள் தோட்டத்தில் ஒற்றுமை இல்லை என்று யார் சொன்னது? ஒரு வீட்டில் சாவு என்றால் லயமே வேலைக்குப் போகாது. திருவிழாவுக்குக் கிழமைக்கணக்கில் சேர்ந்து உழைப்போம். டுர்கைம் இதை ஏதோ மெஷின் ஒற்றுமை என்று தரம் குறைத்துச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. என் மகளும் இதைத்தான் படிக்கிறாள்.

பண்டாரவளை சேர்

இல்லை அக்கா, அவர் தரம் பிரிக்கவில்லை. எந்தக் கயிறு கட்டுகிறது என்றுதான் கேட்கிறார். நீங்கள் சொன்ன சாவு வீடு அவர் சொன்னதற்கு நல்ல உதாரணம், மகளைச் சிறுகுறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பெக்டரியைப் பாருங்கள், வாட்டுகிறவர், ரோலர் பார்க்கிறவர், ட்ரையர் பார்க்கிறவர், சலிக்கிறவர். ட்ரையர்காரர் வராவிட்டால் உருட்டிய இலை புளித்துப்போகும். இவர்களுக்கு ஒரே சாமி வேண்டியதில்லை, ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு வேலை நகராது. அதுதான் சேதனம். மெஷின் நிறைந்த இடம்தான் சேதன உதாரணம் என்பது வேடிக்கைதான்.

தலவாக்கலை மாணவி

சேர், சிறுகுறிப்பிலும் இதே தலைப்பு வந்தது. 5 புள்ளி. பொறிமுறை ஒருமைப்பாடு என்று கேட்டிருந்தார்கள், நான் ஒரு பக்கம் முழுக்க ‘ஒற்றுமை சமூகத்துக்கு அவசியம்’ என்று எழுதிவிட்டேன்.

பண்டாரவளை சேர்

அந்தப் பக்கத்துக்கு நானென்றால் 1 கொடுத்திருப்பேன், அதுவும் மனமிரங்கி. முதல் வரியிலேயே டுர்கைம், வேலைப் பிரிவு, 1893 வந்துவிட வேண்டும். அப்புறம், ஒத்த தன்மையால் வரும் பிணைப்பு, கூட்டு மனச்சாட்சி வலுவாக இருத்தல். மூன்றாவதாகப் பலரும் விட்டுவிடுவது சட்டம். ஒருமைப்பாட்டைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் டுர்கைம் சட்டத்தை அளவுகோலாக எடுத்தார். குற்றம் எல்லாருடைய மனதையும் புண்படுத்தும் இடத்தில் சட்டம் தண்டிக்கும். வேலை பிரிந்த இடத்தில் ஒப்பந்தம் மீறினால் நட்டத்தை ஈடுசெய்ய வைக்கும். இந்த இரண்டு வரி இருந்தால் எழுதியவருக்கு விளங்கியிருக்கிறது என்று திருத்துகிறவருக்குத் தெரியும். பிறகு ஒரு உதாரணம். இடமிருந்தால் ஒரு குறை. 1926இல் மலினோவ்ஸ்கி ட்ரோப்ரியாண்ட் தீவுகளைக் காட்டி, பழைய சமூகங்களிலும் கொடுக்கல் வாங்கல் கடமைகள் நிறைய உண்டு, எல்லாமே தண்டனை அல்ல என்றார். பல்தேர்வில் வெட்டிய தெரிவுகளையும் வீசாதீர்கள். ‘டொன்னிஸ் சொன்னது இதற்கு எதிர்’ என்று ஒரு வரி எழுதினால் ஒப்பீடு கிடைத்துவிடும்.

மஸ்கெலியா தம்பி

சேர், அப்படியென்றால் கொழுந்து பறிக்கிறவர்கள் எந்தப் பக்கம்? எல்லாரும் ஒரே வேலைதானே செய்கிறார்கள். நான் பொறிமுறை என்று எழுதினேன், எங்கள் விரிவுரையாளர் பிழை போட்டார்.

பண்டாரவளை சேர்

நானென்றால் பிழை போட மாட்டேன், முழுப் புள்ளியும் தர மாட்டேன். மலையில் வேலை ஒன்றுதான், ஆனால் காலையில் பெரட்டுக் களத்தில் ஆளைப் பிரித்து அனுப்புவது வேறொருவர், சம்பளம் போடுவது இன்னொருவர். அதே நூலின் கடைசியில் டுர்கைம் கட்டாய வேலைப் பிரிவு என்று ஒன்றைச் சொல்கிறார், திறமைக்கு ஏற்ற வேலை கிடைக்காமல் பிறப்பும் வர்க்கமும் வேலையைத் தீர்மானிக்கும் நிலை. தாய் பறித்த மலையிலேயே மகளும் பறிக்க வேண்டியிருந்தால் அதை அங்கே வைக்கத்தான் எனக்குத் தோன்றுகிறது. என் நண்பர் ஒருவர், அவரும் இதே பாடம் படிப்பிக்கிறவர், இதை ஒப்புக்கொள்வதில்லை. அது ஒருமைப்பாடே அல்ல, வெறும் கட்டுப்பாடு என்கிறார்.

ராகலை அக்கா

அந்த நண்பர் எந்தத் தோட்டம் சேர்?