மார்கழி பஜனைக்குக் குரல் பார்த்த அனுபவம்: நீங்களும் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:
எங்கள் பஜனைக் குழுவுக்கு ஆள் சேர்க்கிறோம். அறிவிப்பில் இப்படி எழுதினேன்: "இதுவரை பாடிப் பழகாதவர்களும் வாருங்கள். தெரிந்த நாமாவளியில் இரண்டு வரி போதும். உங்கள் சுருதி எது என்று தெரியாவிட்டால் நாங்கள் கண்டுபிடித்துச் சொல்கிறோம். யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம். யார் பக்கத்தில் உட்காரவைப்பது என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறோம்."

ஓர் அம்மா வந்தார். அவருக்கு முன்னால் பாடியவர் ஆண் என்பதால் சுருதிப்பெட்டி ஒன்றரைக் கட்டையில் இருந்தது. கீழே பாடினால் வெறும் காற்றுதான் வந்தது, மேலே எடுத்தால் சரணத்தில் குரல் கீச்சிட்டது. "எனக்குப் பாட்டு வராது" என்று எழுந்துவிட்டார். உட்காரச் சொல்லி, பெட்டியை ஐந்து கட்டைக்கு மாற்றினேன். அதே வரி தெளிவாக வந்தது! அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் பேச்சு வரவில்லை.

அதிலிருந்து யார் வந்தாலும் முதலில் கட்டையை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். அப்புறம்தான் ஒரு வரி பாடிக் காட்டி, திருப்பிப் பாடச் சொல்வேன். முதல் தடவை விலகினால் பரவாயில்லை, இரண்டாம் தடவை குரல் பெட்டியின் சுருதியை நெருங்குகிறதா என்று கவனிப்பேன். நடுவில் பெட்டியை நிறுத்திவிட்டு, நாலு வரி கழித்து மறுபடி போட்டால், சுருதி இறங்கியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அப்படி இறங்குகிறவர்களைப் பெட்டிக்கும் நல்ல குரலுக்கும் நடுவில் உட்காரவைக்கிறோம்.

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி:
சுருதி நிற்காதவங்க கையில் ஜால்ராவைக் கொடுத்துருங்க. பிரச்சினை முடிஞ்சது.

சேரன்மகாதேவி அக்கா:
அண்ணாச்சி, பாதிதான் சரி. சுருதி விலகினாலும் தாளம் நிற்கிறவருக்கு ஜால்ரா பொருந்தும். ஆனால் ஜால்ரா ஓடினால் மொத்தக் கோஷ்டியும் பின்னால் ஓடும். எங்கள் பஜனையில் அப்படித்தான் மூச்சு வாங்கிப்போய் ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்தினோம். கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே பாடச் சொல்லுங்கள். உற்சாகம் ஏறும் இடத்தில் கையும் வேகம் பிடித்தால், அவருக்கு ஜால்ரா இப்போது வேண்டாம்.

வள்ளியூரிலிருந்து:
என் மகளுக்கு எட்டு வயது. பரிசு உண்டா? போன போட்டியில் தோற்று அழுதாள்.

பாளையங்கோட்டையிலிருந்து:
இது போட்டி இல்லைங்க, பரிசும் இல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்க, திருப்பாவை முப்பதும் சேர்ந்து பாடலாம்.

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி:
சரி, ஆம்பளை ஒன்றரை, பொம்பளை ஐந்து. சேர்ந்து பாடும்போது எந்தக் கட்டை?

சேரன்மகாதேவி அக்கா:
மூன்றில் வைத்துப் பார்த்தோம், இரண்டு பேருக்குமே வசதியில்லை. இப்போது முதல் பாதி பெண்கள் சுருதி, மறு பாதி ஆண்கள் சுருதி. மற்றவர்கள் மெதுவாகத் தொடர்வார்கள். ரொம்ப மேலேயும் கீழேயும் போகாத நாமாவளி என்றால் ஒரே சுருதியிலும் சமாளிக்கலாம்.

பாளையங்கோட்டையிலிருந்து:
எங்கள் ஆண்கள் மெதுவாகத் தொடர ஒத்துக்கொள்வார்களா, தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டுப் பார்க்கிறேன்.