முதல் வடிவம் ஏறியது, இறுதி வடிவம் ஏறவில்லை: நீண்ட தமிழ்க் கோப்புப் பெயர்கள்

தொகுப்பாசிரியர்:
எங்கள் துறையின் கருத்தரங்க மலருக்கான கட்டுரைகளை இணையதளம் வழியாகவே வாங்குகிறோம். ஓர் ஆய்வாளர் முதலில் ஏற்றிய கோப்பு இது. உடனே வந்து சேர்ந்தது.

```
சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத் தொழில்களும் வாழ்வியல் முறைகளும் ஓர் ஆய்வு.docx
```

மெய்ப்புப் பார்த்துத் திருப்பி அனுப்பினோம். அவர் திருத்தி முடித்து, ‘ஆய்வு’ என்பதற்குப் பின்னால் ‘இறுதி வடிவம் திருத்தியது’ என்று சேர்த்து ஏற்ற முயன்றார். "பதிவேற்றம் தோல்வியடைந்தது" என்ற ஒரே வரிதான் கிடைத்தது. படங்களை நீக்கியிருந்ததால் கோப்பின் அளவு முன்பைவிடக் குறைவு. இணைய இணைப்பிலும் கோளாறு இல்லை. அவர் கணினியில் கோப்பு நன்றாகவே திறக்கிறது. கடைசி நாள் அன்று அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்படி யாருக்காவது நேர்ந்திருக்கிறதா?

கணினி மைய உரிமையாளர்:
ஐயா, விண்டோஸில் கோப்புறைகளின் பெயர்களையும் கோப்பின் பெயரையும் சேர்த்து 260 எழுத்து வரைதான் இடம். என் வாடிக்கையாளர்கள் கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கி வைத்துவிட்டு, நகல் எடுக்க முடியவில்லை என்று வந்து நிற்பார்கள். கோப்பை நேராக D: டிரைவில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

தொகுப்பாசிரியர்:
அதையும் செய்து பார்த்தார் ஐயா. அதே பதில்தான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
எனக்கும் இதே தொல்லைதான். பாமினியில் தட்டச்சு செய்த கட்டுரையை அனுப்பினால், அங்கே ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கிறது என்கிறார்கள். எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினால் சரியாகிறது. உங்கள் ஆய்வாளரையும் அப்படிச் செய்யச் சொல்லலாமே.

சர்வர் பராமரிப்பவர்:
அம்மா, உங்களுடையது கோப்பின் உள்ளே இருக்கும் எழுத்தைப் பற்றியது. அதை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் தீரும். இங்கே சிக்கல் வெளியே இருக்கும் பெயரில்.

கணினி மைய அண்ணன் சொன்ன 260 எல்லை உண்மைதான், ஆனால் இங்கே அது காரணமாக இருக்க முடியாது. அந்த நீண்ட பெயரை விண்டோஸ் எண்ணுகிற முறையில் எண்ணினால் 104தான் வருகிறது. தடை மறுமுனையில், சர்வரில் இருக்கிறது. பெரும்பாலான இணையதளங்கள் லினக்ஸில் ஓடுகின்றன. அங்கே ஒரு கோப்பின் பெயருக்கு 255 பைட் வரை அனுமதி. 255 எழுத்து அல்ல, 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். இதில் புள்ளியும் கால் கொம்புகளும் தனிக் குறியீடுகள். ‘க’வுக்கு மூன்று, ‘கி’க்கு ஆறு, ‘தமிழ்’ என்ற மூன்று எழுத்துச் சொல்லுக்கு 15 பைட்.

ஆய்வாளரின் முதல் பெயரில் 66 தமிழ்க் குறியீடுகள். 198 பைட். எட்டு இடைவெளிகளையும் `.docx` என்பதன் ஐந்தையும் கூட்டினால் 211. எல்லைக்குள் இருந்ததால் ஏறியது. அவர் சேர்த்த மூன்று சொற்களில் 22 குறியீடுகள், அவற்றுக்கு 66 பைட், இடைவெளி மூன்று. ஆக 280. சர்வரின் பதிவேட்டைப் பார்த்தால் `File name too long` என்று எழுதியிருக்கும். அதைப் பயனருக்குக் காட்டாமல் பொதுவாகத் ‘தோல்வி’ என்று மட்டும் சொல்லும்படி தளத்தை அமைத்திருக்கிறார்கள். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருந்தால் அவர் அவ்வளவு அலைந்திருக்க வேண்டாம்.

உறுதிப்படுத்த எளிய வழி: அதே கோப்பை `test.docx` என்று பெயர் மாற்றி ஏற்றச் சொல்லுங்கள். ஏறிவிட்டால் குற்றம் பெயருடையது. லினக்ஸ் கையில் இருந்தால் இப்படி அளக்கலாம்:

```
printf '%s' "தமிழ்" | wc -c
```

15 என்று வரும்.

தொகுப்பாசிரியர்:
மிக்க நன்றி தம்பி. `test.docx` என்று மாற்றியதும் ஏறிவிட்டது. அப்படியானால் 255 பைட் வரை துணிந்து பெயர் வைக்கலாமா?

சர்வர் பராமரிப்பவர்:
வேண்டாம் ஐயா. பல தளங்கள் நாம் தரும் பெயருக்கு முன்னால் தேதியையோ ஒரு நீண்ட எண்ணையோ தாமாகச் சேர்க்கும். அதுவும் இதே 255க்குள்தான் அடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒரு தமிழ் எழுத்துக்குச் சராசரியாக ஐந்து பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில்தான் பெயர் வேண்டும் என்றால் 25, 30 எழுத்துகளோடு நிறுத்துவது நல்லது. ‘நெய்தல் தொழில்கள் 2’ என்றாலே எது என்று தெரிந்துவிடுமே.

கணினி மைய உரிமையாளர்:
ஜிப் செய்து `katturai.zip` என்று அனுப்பினால் போதாதா?

சர்வர் பராமரிப்பவர்:
மின்னஞ்சலில் அனுப்பும்போது உதவும் அண்ணா. ஆனால் பழைய நீண்ட பெயர் ஜிப்புக்குள் அப்படியே இருக்கிறது. சர்வரில் பிரிக்கும்போது அதே 255 குறுக்கே நிற்கும்.

மொழிபெயர்ப்பாளர்:
மின்னஞ்சல் என்றதும் என் அனுபவத்தைச் சொல்லத் தோன்றுகிறது. ஒரு வாடிக்கையாளருக்கு நான் தமிழ்ப் பெயரில் அனுப்பும் இணைப்பு `noname` என்று போய்ச் சேர்கிறது. பின்னொட்டும் இல்லாததால் இரட்டைச் சொடுக்கில் திறப்பதில்லை. "வெற்றுக் கோப்பு அனுப்பியிருக்கிறீர்கள்" என்று சற்றுக் கோபமாகவே எழுதினார்கள். சேமித்து, பெயரின் கடைசியில் `.docx` சேர்க்கச் சொன்னேன், திறந்துவிட்டது. மற்றவர்களுக்கு அதே கோப்பு சரியாகவே போகிறது.

சர்வர் பராமரிப்பவர்:
மின்னஞ்சலின் தலைப்பகுதியில் தமிழ் எழுத்து பெரும்பாலும் நேராகப் போகாது, மாற்றி எழுதித்தான் போகும். அதில் ஒரு முறைப்படி ‘க’ என்பது `%E0%AE%95` ஆகிவிடும், ஒன்றுக்கு ஒன்பது. பெயர் நீண்டால் பல துண்டுகளாகவும் உடையும். அந்தத் துண்டுகளைச் சேர்க்கத் தெரியாத பழைய அஞ்சல் மென்பொருள் பெயரையே கைவிட்டுவிடும். உங்கள் வாடிக்கையாளரிடம் இருப்பது எது என்று தெரியாமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அனுப்பும் பிரதிக்கு மட்டும் `2024-03-12_neythal-thozhil_v2.docx` என்ற வகையில் பெயர் வையுங்கள். ஆண்டு முன்னால் நின்றால் பட்டியலும் தேதி வரிசையில் வரும். ‘இறுதி’, ‘புதிய இறுதி’ என்று பெயரை நீட்ட வேண்டிய தேவையும் இராது.

நூலகர்:
அனுப்பும் பிரதிக்குச் சரி. சேமிப்புக்கும் இதையே வழக்கமாக்கினால் நான் ஏற்க மாட்டேன். எங்கள் நூலகத்தில் `thozhil`, `tholil`, `thozil` என்று ஒரே சொல்லை மூவர் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தேடினால் ஒன்று கிடைக்கும், இரண்டு கிடைக்காது. ‘தொழில்’ என்று தமிழில் இருந்தால் தேடல் ஒன்றே.

சர்வர் பராமரிப்பவர்:
தமிழிலும் முழுதாக ஒன்றல்ல அம்மா. ‘தொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரில் இரண்டாகப் பிரித்துத்தான் வைக்கும். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் சர்வருக்கு அவை இரு வேறு பெயர்கள். பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் கோப்பு, இணைப்பைச் சொடுக்கினால் இல்லை என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நூலகர்:
அதற்காக ஆயிரக்கணக்கான கோப்புகளின் பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிட முடியாது. வரிசை எண்ணை மட்டும் கோப்பின் பெயராக வைத்து, முழுத் தமிழ்த் தலைப்பையும் ஓர் அட்டவணையில் எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறேன். `K0412.docx` என்றால் எங்கும் ஏறும். அட்டவணை தொலைந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

தொகுப்பாசிரியர்:
தலைப்பைக் கோப்பின் முதல் பக்கத்திலும் எழுதச் சொல்லிவிட்டால், அட்டவணை போனாலும் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே. இந்த ஆண்டு மலருக்கு எண் முறையையே வைக்கப் போகிறேன். பெயர் எத்தனை எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பதைப் பதிவேற்றப் பக்கத்திலேயே எழுதும்படி தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடமும் கேட்டிருக்கிறேன்.