சுதாவின் கஞ்சிப் புடவைக்கு எந்த இஸ்திரிப்பெட்டி?

சுதா: என் பழைய இஸ்திரிப்பெட்டி போய்விட்டது. கல்லூரிக்கு நான் கட்டுவதெல்லாம் கஞ்சி போட்ட பருத்திப் புடவைகள். 1000 வாட் சாதாரணப் பெட்டி வாங்கவா, 1800 வாட் ஸ்டீமர் வாங்கவா?

முரளி மாமா: 1000 போதும் அம்மா. வாட் கூடினால் சூடும் கூடும், புடவை கருகிவிடும்.

பிரபு: மாமா, எந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்பதைத் தெர்மோஸ்டாட்தான் பார்த்துக்கொள்கிறது. வாட் கூடினால் அந்தச் சூட்டுக்குச் சீக்கிரம் வரும், ஈரத்துணியில் தேய்க்கும்போது இழந்த சூட்டையும் சீக்கிரம் மீட்கும். புடவை கருகுவது பெரும்பாலும் குமிழைத் தவறான புள்ளியில் வைப்பதால்தான்.

கோமதி அத்தை: காஞ்சிபுரம் பட்டுக்கு ஸ்டீமர் நல்லதா? சொட்டுச் சொட்டாகக் கறை விழுகிறதே.

பிரபு: அத்தை, சுதா கேட்டது பருத்திக்கு! பட்டுக்கு ஸ்டீமரைச் சற்றுத் தள்ளியே பிடியுங்கள். நீராவி சீராக வந்த பிறகு ஆரம்பித்தால் சொட்டுவது குறையும். பெட்டி என்றால் இரண்டு புள்ளிக்கு மேல் போகாமல், உட்புறத்தைத் திருப்பி, ஜரிகை மேல் மெல்லிய பருத்தித் துணி போட்டுத் தேய்க்க வேண்டும்.

சுதா: அப்படியானால் எனக்கு ஸ்டீமர் சரிப்படாதா?

பிரபு: சரிப்படாது. நீராவி பட்டால் கஞ்சியின் விறைப்பு தளர்ந்துவிடும். தொங்கும் துணியை அழுத்த எதுவும் இல்லாததால் மடிப்பும் கூர்மையாக விழாது. புடவையில் தண்ணீர் தெளித்துச் சுருட்டிக் கால் மணி நேரம் வை. பிறகு மூன்று புள்ளியில் வைத்துக் கனமான பெட்டியால் தேய்.

தேவி அண்ணி: அடித்தட்டையும் பார், சுதா. எங்கள் வீட்டு நான்ஸ்டிக்கில் கஞ்சி பழுப்பாக ஒட்டிக்கொண்டது. என் மாமியார் கத்தியால் சுரண்டினார், பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது. இப்போது செராமிக் வைத்திருக்கிறேன், வழுக்கிக்கொண்டு போகிறது.

முரளி மாமா: எவர்சில்வர் தட்டுதான் உழைக்கும். கீறினாலும் உரிந்து வர அதில் பூச்சே இல்லையே.

பிரபு: மாமா சொல்வதும் சரிதான். ஆனால் கஞ்சி ஊறுவதற்குள் தேய்த்தால் எந்தத் தட்டிலும் ஒட்டும். பிளக்கைப் பிடுங்கி, தட்டு இளஞ்சூட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். சுதா, நீ தேய்க்கும் அறையில் இருப்பது சின்ன பிளக்கா?

சுதா: ஆமாம். 6 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது.

பிரபு: 1800 வாட் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். 1000 வாட்டுக்கு நாலரை ஆம்பியருக்குள்தான்.

முரளி மாமா: ஆக, நான் சொன்ன 1000 வாட்தானே!

பிரபு: விடை சரி மாமா, காரணம்தான் வேறு. சுதா, கடையில் கையில் தூக்கிப் பார். ஒன்றரைக் கிலோவாவது இருக்கட்டும்.

சுதா: சரி. தட்டு செராமிக்கா, எவர்சில்வரா?

தேவி அண்ணி: செராமிக்.

முரளி மாமா: எவர்சில்வர்.