தாவூத் நபி, தங்கப் பறவை, உரியா: இது குர்ஆன் விரிவுரையான தஃப்ஸீருக்குள்ள எப்படி வந்துச்சு?

சலீம்_கீழக்கரை: ஒரு பயான்ல கேட்டேன். தாவூத் நபி தனியா வணக்கத்துல இருக்கும்போது தங்கப் பறவை ஒண்ணு வந்துச்சாம், அத பிடிக்கப் போய் ஒரு பொண்ணு குளிக்கிறத பாத்துட்டாங்களாம், அப்புறம் அவ புருஷன் உரியாவ போர்ல முன்னாடி நிறுத்தினாங்களாம். குர்ஆன்ல 38வது சூராவ எடுத்துப் பாத்தா, 99 ஆடு வச்சிருக்கவன் சகோதரனோட ஒத்த ஆட்டையும் கேட்டான்னு தாவூத் நபிகிட்ட வந்த வழக்கு மட்டும்தான் இருக்கு. மீதி எங்கேர்ந்து வந்துச்சு?

ரஃபி: இஸ்ராயீலிய்யாத் பாய், யூதர் கட்டினது, தூக்கிப் போடுங்க. விசித்திரமா இருந்தா பொறுப்பு அறிவிச்சவங்களோடதுன்னு பழைய தஃப்ஸீர் ஆசிரியர் தபரியே முன்னுரையில கை கழுவிட்டார்.

பழைய_கிதாப்: அந்த வரி அவரோட வரலாற்று நூல் முன்னுரைல இருக்கு ரஃபி, தஃப்ஸீர்ல இல்ல. தஃப்ஸீர்ல அவர் ஆடுன்னா இங்க பொண்ணுன்னே அர்த்தம் எடுத்துக்கிட்டு, உரியா கதைய சனதோட, அதாவது யார்கிட்டேர்ந்து யார் கேட்டாங்கங்கற தொடரோட, வரிசையா கொடுக்கிறார். சும்மா சேத்து வச்சார்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

ஸ்டீபன்: கொஞ்சம் இருங்க, எங்க பைபிள்ல பறவையே கிடையாதே. 2 சாமுவேல் 11ல தாவீது சாயங்காலம் மாடியில உலாத்தும்போது பாத்தார், அவ்ளோதான். பறவை உங்க ஆளுங்க சேத்தது.

பழைய_கிதாப்: அதுவும் இல்ல. பறவை யூதங்களோட தல்மூத் நூல்ல இருக்கு, சன்ஹெத்ரின் 107. சாத்தான் பறவையா வர்றான், தாவீது அம்பு விடுறார், அது அவள மறைச்சிருந்த தடுப்புல பட்டு தடுப்பு விலகிடுது. ஆக வந்தது பைபிள் மட்டும் இல்ல, யூதங்க வாய்வழியா சொல்லிட்டிருந்த விளக்கமும் சேந்துதான் வந்திருக்கு.

ரஃபி: சரி, ஆனா தபரிக்குப் பின்னாடி தஃப்ஸீர் எழுதின இப்னு கஸீர் இஸ்ராயீலிய்யாத் எல்லாத்தையும் நிராகரிச்சாரா இல்லயா?

பழைய_கிதாப்: எல்லாத்தையும் இல்ல. நம்ம கிட்ட இருக்கறதோட ஒத்துப்போனா ஏத்துக்கலாம், முரண்பட்டா தள்ளணும், நம்ம கிட்ட பேச்சே இல்லாத விஷயம்னா நம்பவும் வேணாம் பொய்ங்கவும் வேணாம், ஆனா சொல்லிக்கலாம்னு அவர் முன்னுரைலயே இருக்கு, அது அவரோட ஆசிரியர் இப்னு தைமிய்யாகிட்டேர்ந்து வந்தது. குர்ஆன்ல வர்ற குகைவாசிகளோட நாய் என்ன கலருங்கறது அந்த மூணாவது வகை. ஆனா இந்த எடத்துல கதையவே சொல்ல மாட்டேங்கிறார். பெரும்பாலும் இஸ்ராயீலிய்யாத், இப்னு அபீ ஹாதிம் கொண்டு வந்த ஹதீஸ்ல யஸீத் அர்ரகாஷி வர்றார், ஆள் நல்லவர் ஆனா அறிவிப்புல பலவீனம், அதனால ஆயத்த ஓதிட்டு மத்தத அல்லாஹ்கிட்ட விட்டுடுங்கன்னு முடிச்சிடுறார். அவருக்கு முன்னாடியே இன்னொரு தஃப்ஸீர் ஆசிரியர் ராஸி சனதுக்குள்ள போகாம வேற வழியா வந்தார். முன்னாடி பின்னாடி ஆயத்துல தாவூத் நபிய புகழ்ந்துட்டு நடுவுல கொலை, பிறன்மனைன்னு வந்தா பேச்சு ஒட்டுமான்னு கேக்கிறார். எனக்கு இதுதான் இன்னும் பலமா படுது.

சலீம்_கீழக்கரை: அப்ப 24வது ஆயத்துல தாவூத் நபி எதுக்கு மன்னிப்பு கேட்டாங்க?

பழைய_கிதாப்: ஒரு பக்கம் பேச்ச மட்டும் கேட்டு, எதிராளி வாயத் திறக்கறதுக்குள்ள தீர்ப்பு சொன்னதுக்குன்னு சிலர் சொல்றாங்க.

ரஃபி: ஆயத்துல அப்படி எங்க இருக்கு? எதிராளி ஒத்துக்கிட்டிருந்தா?

ஸ்டீபன்: எங்க பைபிள்ல நாத்தான் தீர்க்கதரிசி தாவீதுகிட்ட ஒரு ஆட்டுக் கதை சொல்லிட்டு, ஆட்டைப் பறிச்ச ஆள் நீதான்னு நேரடியாவே சொல்லிடுவார், உங்களுக்குத்தான் கஷ்டம் 😄

பழைய_கிதாப்: ரஃபி கேட்டது நியாயம்தான். ஆயத்துல எதிராளி பேசினதாவும் இல்ல, பேசலன்னும் இல்ல.